“அவதானமாக இருங்கள்” என்றால் என்ன செய்வது? வெள்ள எச்சரிக்கையைத் தமிழாக்குவோர் கவனத்துக்கு

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையைக் கடந்து சென்றபோது 600க்கும் அதிகமான உயிர்கள் போயின. மலைநாட்டில் மண்சரிவு, மேல் மாகாணத்தில் களனி கங்கை. நாகலகம் வீதி நீர்மானியில் மட்டம் 8 அடியையும் தாண்டியது. அந்த நாட்களில் தமிழ் பேசும் மக்களிடமிருந்து எழுந்த முறைப்பாடுகளில் ஒன்று, எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் வரவில்லை என்பது. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி 1987 முதல் தமிழும் அரச கரும மொழி. எனவே அந்த முறைப்பாடு நியாயமானது, அதைத் தொடர்ந்து கேட்கவும் வேண்டும்.

ஆனால் இன்னொரு பக்கம் பற்றி நாம் அதிகம் பேசவில்லை. தமிழில் வந்த அறிவித்தல்களைக் கேட்டவர்களுக்கு, தாம் என்ன செய்ய வேண்டும் என்று விளங்கியதா? அரச அறிவித்தல் தாமதமாகும்போது சிங்கள அறிவித்தலைத் தமிழாக்கி ஒலிபெருக்கியில் வாசிப்பவர் பெரும்பாலும் நம் பள்ளிவாசலின் முஅத்தினாகவோ நிர்வாக சபையின் இளைஞர் ஒருவராகவோ இருப்பார். அதையே வட்ஸ்அப்பில் தட்டிப் போடுபவரும் நம் பிள்ளைதான். மொழிபெயர்ப்புப் பயிற்சி இல்லாத அவரின் கையில் அந்த நேரத்தில் பல வீடுகளின் முடிவு இருக்கிறது. அடுத்த பருவமழைக்கு முன் அவருக்குச் சொல்லி வைக்க வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன.

களனி கங்கைக்கான எச்சரிக்கையையே எடுத்துக்கொள்வோம். வெல்லம்பிட்டிய, கொலன்னாவ, வத்தளை, கடுவலைப் பக்கம் வாழும் நம் குடும்பங்களுக்கு அது 2016லிருந்தே பழகிய கவலை. நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அறிவித்தல் வழமையாக இப்படி ஒரு தமிழில் வந்து சேர்கிறது. எந்த ஓர் ஆவணத்திலிருந்தும் எடுத்ததல்ல. அந்த நடையைக் காட்ட நாமே எழுதிய மாதிரி:

“களனி கங்கையின் மேல் நீரேந்துப் பிரதேசங்களில் பெய்துள்ள கணிசமான மழைவீழ்ச்சி காரணமாக, அடுத்த 48 மணித்தியாலங்களில் கொழும்பு, கொலன்னாவ, களனி, வத்தளை, பியகம, கடுவலை பிரதேச செயலகப் பிரிவுகளுக்கு உட்பட்ட கங்கைப் பள்ளத்தாக்கின் தாழ்நிலப் பகுதிகளில் பெருவெள்ள நிலைமையொன்று ஏற்படுவதற்கான அதிக சாத்தியம் காணப்படுவதால், அப்பகுதிகளில் வசிக்கும் மக்களும் அவ்வீதிகளைப் பயன்படுத்தும் சாரதிகளும் இது தொடர்பில் மிகுந்த அவதானத்துடன் இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.”

இதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. அலுவலகக் கோப்புக்குப் போதுமானது. ஆனால் மழை கொட்டும் சனிக்கிழமை ஒன்றில், தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் ஓர் உம்மா இதை ஒலிபெருக்கியில் ஒரு தடவை கேட்டால் அவர் மனதில் எஞ்சுவது “கங்கை, மழை, அவதானம்” என்ற மூன்று சொற்கள்தான். வீட்டை விட்டுப் போவதா, இருப்பதா? எப்போது? இந்த வாக்கியத்தில் விடை இல்லை.

முதல் சிக்கல் “அவதானம்” என்ற சொல்லே. சிங்களத்தில் ‘அவதானம’ என்றால் ஆபத்து நேரும் வாய்ப்பு. கவனம் என்பதற்கு அங்கே ‘அவதானய’ என்று வேறொரு சொல் இருக்கிறது. நம் தமிழில் அவதானம் என்பது கவனம் மட்டுமே. அவசரத்தில் சிங்களத்தைப் பார்த்துத் தமிழாக்குபவர் ‘கங்வதுர அவதானம’ என்பதை ‘வெள்ள அவதானம்’ என்று எழுதிவிட்டால், ‘வெள்ள ஆபத்து’ என்று வந்திருக்க வேண்டியது ‘வெள்ளத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள்’ என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. இரண்டு மொழியும் தெரிந்தவர்தான் இதில் விரைவாக விழுவார், ஏனெனில் அவர் காதில் இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன.

சரியான இடத்தில் வந்தாலும் “மிகுந்த அவதானத்துடன் இருங்கள்” என்பது ஓர் அறிவுறுத்தல் அல்ல. அதைக் கேட்டு ஒருவர் செய்யக்கூடிய வேலை எதுவும் அதில் இல்லை. ஜன்னலால் எட்டிப் பார்ப்பவரும் அவதானமாகத்தான் இருக்கிறார். எழுந்து பையைக் கட்டுபவரும் அவதானமாகத்தான் இருக்கிறார்.

இங்கேதான் மொழிபெயர்ப்பாளருக்கு ஓர் எல்லை வருகிறது. மூல அறிவித்தலில் “வெளியேறுங்கள்” என்று இல்லாதபோது, அவராக அதைப் போட முடியாது. போட்டால், தண்ணீர் வராத ஒரு நாளில் ஊரே வெளியேறும். அடுத்த தடவை உண்மையாகவே வரும்போது யாரும் அசைய மாட்டார்கள். ஆகவே செய்ய வேண்டியது ஒரு தொலைபேசி அழைப்பு. கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்தின் அனர்த்த முகாமைத்துவ உத்தியோகத்தரிடமோ மூன்று கேள்விகள்: எந்த ஒழுங்கைகள்? எத்தனை மணிக்கு முன்? எங்கே போவது? அவர்கள் தொடர்பில் கிடைக்காவிட்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117. விடை கிடைத்தால் அறிவித்தல் முழுமையாகும். கிடைக்காவிட்டால், “வெள்ளம் வரலாம், பொருட்களை மேலே ஏற்றுங்கள், புறப்பட ஆயத்தமாகுங்கள்” என்ற அளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும். ‘வரலாம்’ என்பதும் ‘வருகிறது’ என்பதும் வேறு வேறு. மூலத்தில் எது இருக்கிறதோ அதைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. எது இருந்தாலும் கேட்பவர் செய்ய வேண்டிய வேலை மட்டும் உறுதியாகச் சொல்லப்பட வேண்டும்.

அடுத்தது “தாழ்நிலப் பகுதிகள்”. தன் வீடு தாழ்நிலத்தில் இருக்கிறது என்று யாரும் நினைப்பதில்லை. பக்கத்து ஒழுங்கைதான் தாழ்வு. புதிதாக வாடகைக்கு வந்தவருக்கோ எது மேடு எது பள்ளம் என்றே தெரியாது. “சிறுவெள்ளம்”, “பெருவெள்ளம்” என்ற சொற்களும் அப்படித்தான். நாகலகம் வீதி நீர்மானியில் 5 அடியைத் தொட்டால் சிறுவெள்ளம், 7 அடியைத் தொட்டால் பெருவெள்ளம் என்பது திணைக்களத்தின் கணக்கு. அந்த அடி நீர்மானியின் அளவு; வீட்டு வாசலிலிருந்து அளந்தது அல்ல. கங்கைக் கரையை ஒட்டிய வீட்டுக்குச் ‘சிறுவெள்ளமே’ கட்டில் வரை வரும். ‘எட்டடி’ என்று கேட்டுவிட்டு, தன் வீட்டுக்குள் எட்டடித் தண்ணீர் வரப்போகிறது என்று பதறுபவரும் இருப்பார்.

நம் ஊருக்கு இதைவிட நல்ல அளவுகோல் ஒன்று இருக்கிறது: ஞாபகம். 2016 மே மாதத்தில் அதே நீர்மானி 7 அடியைத் தாண்டியது. அப்போது எந்த வீட்டுக்குள் தண்ணீர் வந்தது, எந்த வீட்டின் படியோடு நின்றது என்பதை வெல்லம்பிட்டியவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். “2016இல் தண்ணீர் வந்த வீடுகள் எல்லாம்” என்று சொன்னால் தாழ்நிலம் என்ற சொல்லே தேவையில்லை. 2025இல் மட்டம் அதைவிட உயர்ந்ததால், இனி அந்த வருடத்தையும் அளவாக வைக்கலாம். ஒரு நிபந்தனை: எதிர்பார்க்கும் மட்டம் பழைய அளவை விட உயர்வு என்றால் அதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் ‘அன்றைக்கு எங்களுக்கு வரவில்லையே’ என்று மேலேயுள்ள வீட்டார் இருந்துவிடுவார்கள். வருடத்தின் பெயரே அவர்களுக்குப் பொறியாகிவிடும்.

நேரத்துக்கு வருவோம். “அடுத்த 48 மணித்தியாலங்களில்” என்பது எப்போது தொடங்குகிறது? அறிவித்தல் வெளியான நிமிடத்திலிருந்து. அது காலை 9 மணிக்கு வெளியாகி, இரவு 10 மணிக்கு மூன்றாவது குழுமத்திலிருந்து ஒருவரின் தொலைபேசிக்கு வந்தால், அவர் இன்னும் இரண்டு முழு நாட்கள் இருப்பதாக நினைப்பார். தொலைபேசிச் செய்தியில் ‘இன்று’, ‘நாளை’ என்ற சொற்களுக்கும் இதே குறை. ஒலிபெருக்கியில் ‘நாளை’ பாதுகாப்பானது, ஏனெனில் சொல்லும்போதே கேட்கப்படுகிறது. தொலைபேசியில் திகதியும் மணியும் எண்ணில் இருக்க வேண்டும். போன வருடச் செய்தி இந்த வருடம் மீண்டும் சுற்றும்போது அது பழையது என்று காட்டிக்கொடுப்பதும் அந்தத் திகதிதான்.

நமக்கே உரிய ஒரு நுணுக்கமும் இதில் இருக்கிறது. மஃரிபோடு நாள் மாறும் நம் வழக்கத்தில் ‘வெள்ளி இரவு’ என்றால் பெரியவர்கள் பலருக்கு வியாழன் பின்னேரத்துக்குப் பிந்திய இரவு. அலுவலகக் கணக்கில் அது அடுத்த நாள் இரவு. ‘ஞாயிறு இரவு தண்ணீர் வரும்’ என்ற ஓர் அறிவித்தலை ஒரே வீட்டில் மூத்தம்மா சனி இரவாகவும் பேரன் ஞாயிறு இரவாகவும் எடுத்துக்கொள்ளலாம். இருபத்து நான்கு மணித்தியால வித்தியாசம் சின்ன விஷயம் அல்ல. ஆகவே ‘இரவு’ என்ற சொல்லோடு கிழமையைச் சேர்க்காமல், “ஞாயிற்றுக்கிழமை பகல், நாலு மணிக்கு முன்” என்பதுபோல் வெளிச்சம் உள்ள நேரத்தில் கெடுவை வைப்பது நல்லது. இருட்டில் தண்ணீருக்குள் நடப்பதைவிடப் பகலில் புறப்படுவதே எப்படியும் மேல்.

தொழுகை நேரத்தைக் கொண்டு சொல்வது நம்மவருக்கு உடனே பிடிபடும். அதில் ஒரு விதி: மணிக்கு முந்திய தொழுகையையே சொல்ல வேண்டும். டிசம்பரில் கொழும்பில் அஸர் பாங்கு மூன்றரை மணியை ஒட்டி வரும். கெடு நாலு மணி என்றால் “அஸருக்கு முன்னம்” என்று சொல்லலாம். அரை மணித்தியாலம் மிச்சமாகும். “மஃரிபுக்கு முன்னம்” என்றால் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் பிந்திவிடும். மணியையும் கூடவே சொல்ல வேண்டும், ஏனெனில் நம் ஒலிபெருக்கியைக் கேட்பவர்களில் முஸ்லிம் அல்லாத அயலவர்களும் இருக்கிறார்கள்.

இனி ஒலிபெருக்கி. பள்ளிவாசலின் புனல் ஒலிபெருக்கி தூரத்துக்குக் கேட்கும், தெளிவாகக் கேட்காது. காற்று திசை மாறினால் வாக்கியத்தின் பாதி அடித்துக்கொண்டு போகும். பக்கத்துப் பள்ளியும் அதே நேரம் அறிவித்தால் இரண்டும் கலந்து எதுவும் விளங்காது. ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று பள்ளிகளுக்கிடையில் முன்பே பேசி வைப்பது இதற்காக. இந்த நிலையில் தமிழின் அமைப்பே நமக்கு எதிராக நிற்கிறது: வினை கடைசியில் வருகிறது. முப்பது சொல் வாக்கியத்தில் கடைசிச் சொல்லைக் காற்று கொண்டுபோனால், செய்ய வேண்டியது எது என்பதே போய்விட்டது.

இதில் மிக ஆபத்தானது ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்ற சோடி. “பாலத்தைக் கடக்க வேண்டாம்” என்று சொன்னது இரைச்சலில் “பாலத்தைக் கடக்க வேண்டும்” என்று காதில் விழலாம். நடுவில் உள்ள ஓர் ஓசைதான் வித்தியாசம். எனவே ஒலிபெருக்கி வாசகத்தில் அந்தச் சொல்லையே தவிர்ப்பது நல்லது. “பாலம் மூடியாச்சு. பாலத்தால் போகாதீங்க” என்றால் முதல் பாதி மட்டும் கேட்டாலும் போதும். ‘போகாதீங்க’ என்பதைப் ‘போங்க’ என்று தவறாகக் கேட்பது கடினம், ஏனெனில் அது நீளமானது.

ஆறு என்ற சொல்லும் அப்படி. எண்ணும் அதுதான், நதியும் அதுதான். “ஆறு ஆறு அடி உயர்ந்துள்ளது” என்று எழுதினால் கண்ணுக்கு விளங்கும், காதுக்கு விளங்காது. இலங்கையில் நாம் கங்கை என்றே சொல்வதால் பாதிப் பிரச்சினை தீர்கிறது. மீதிப் பாதி, ஒலிபெருக்கியில் அடிக்கணக்கையே சொல்லாமல் விட்டால் தீரும். அந்த எண்ணால் கேட்பவர் செய்வது ஒன்றுமில்லை.

அறிவித்தலின் தொடக்கத்திலும் ஒரு கவனம் தேவை. “அஸ்ஸலாமு அலைக்கும், ஜமாஅத்தார்களுக்கு ஓர் அறிவித்தல்” என்று ஆரம்பித்தால், ஊரில் எல்லோருக்கும் பழக்கமான ஜனாஸா அறிவித்தலின் மெட்டு அது. வேலையை விடாமல், மௌத்தானவரின் பெயர் வரும்வரை அரைக்காதில் கேட்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. அந்தப் பழக்கத்தை உடைக்க, முதல் சொல்லே ‘வெள்ளம்’ என்று இருக்க வேண்டும். ஸலாமைக் கடைசியில் சொல்லலாம். நிர்வாக சபையின் பெயரும் பதவிகளும் அன்று தேவையில்லை.

இதையெல்லாம் வைத்து ஒரு வாசகம் அமைத்துப் பார்ப்போம். சனிக்கிழமை, டிசம்பர் 12 என்று வைத்துக்கொள்வோம். காலையில் திணைக்களத்தின் அறிவித்தல் வருகிறது. கிராம உத்தியோகத்தரை அழைத்தபோது, கங்கைக் கரை ஒழுங்கைகளில் இருப்பவர்கள் ஞாயிறு பின்னேரம் 4 மணிக்கு முன் பாடசாலைக்கு வந்துவிட வேண்டும் என்கிறார். ழுஹர் தொழுகைக்குப் பின் ஒலிபெருக்கியில்:

“வெள்ளம் வருது. வெள்ளம் வருது.
வெல்லம்பிட்டிய. கங்கைக் கரை ஒழுங்கைகள்.
2016இல் தண்ணி வந்த வீடுகள் எல்லாம்.
வீட்டை விட்டு வெளியே வாங்க.
நாளை ஞாயிறு, அஸருக்கு முன்னம், நாலு மணிக்கு முன்னம்.
பாடசாலைக்கு வாங்க. பெண்களுக்குத் தனி இடம் இருக்கு.
மருந்தை எடுங்க. அடையாள அட்டையை எடுங்க. மெயின் சுவிட்சை நிறுத்துங்க.
மழை விட்டாலும் தண்ணி ஏறும்.
ஓடுற தண்ணிக்குள்ள இறங்காதீங்க.
அடுத்த அறிவித்தல், இன்று அஸருக்குப் பிறகு.”

ஒவ்வொரு வரிக்கும் பின் ஒரு மூச்சு விட்டு வாசித்தால் ஒரு நிமிடத்துக்குள் முடியும். மூன்று தடவை வாசிக்க வேண்டும், சொல் மாறாமல். இரண்டாம் தடவை வேறு சொற்களில் சொன்னால், கேட்பவர் அது வேறோர் அறிவித்தல் என்று நினைப்பார். மூன்றும் முடிந்ததும் அதையே சிங்களத்தில்.

பெயர்ப்பலகையில் உள்ளதுபோல் ஊர்ப் பெயர்களை எழுதி வைத்து, ஊரார் சொல்வதுபோல் வாசிக்க வேண்டும். நடை ஏன் பேச்சுத்தமிழில் என்று கேட்கலாம். ‘வெளியேறுமாறு’ என்பதைவிட ‘வெளியே வாங்க’ என்பது பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஒரே நொடியில் போய்ச் சேரும். ஆனால் ஊர்ப்பேச்சின் ஆழத்துக்கும் இறங்கவில்லை. மலையகத்திலிருந்தோ கிழக்கிலிருந்தோ வந்து கொழும்பில் குடியிருப்பவருக்கும் விளங்க வேண்டும்.

இரண்டு வரிகளுக்கு விளக்கம் தேவை. “பெண்களுக்குத் தனி இடம் இருக்கு” என்பது உபசாரத்துக்காக அல்ல. ஆண்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில், எங்கே எப்படித் தங்குவது என்று தெரியாததால் வீட்டிலேயே இருந்துவிடும் தாய்மார் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அந்த ஒரு வரி அவர்களின் தயக்கத்தைப் பாதியாக்கும். அப்படி ஓர் இடம் உண்மையில் இருந்தால் மட்டுமே சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம்.

“மழை விட்டாலும் தண்ணி ஏறும்” என்பது களனிக்கே உரிய வரி. நோர்வூட், கித்துல்கல, தெரணியகலைப் பக்கம் பெய்யும் மழை கிளென்கோஸ், ஹங்வெல்ல நீர்மானிகளைத் தாண்டிக் கொழும்புக்கு வந்துசேர மணிக்கணக்கு ஆகும். அதற்குள் கொழும்பில் வெயிலே அடிக்கலாம். வெயிலைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்புபவரின் வாசலுக்குத்தான் தண்ணீர் வருகிறது. இந்த இடைவெளி மக்களுக்குப் புறப்பட நேரம் தருகிறது, அதே நேரம் நம்பாமலும் ஆக்குகிறது. அக்குறணை போன்ற மலைநாட்டு ஊருக்கு இந்த வாசகம் பொருந்தாது. அங்கே பிங்கா ஓயா பெருகினால் கடைத்தெருவுக்குள் தண்ணீர் வர இவ்வளவு நேரம் எடுக்காது. அங்கே கெடுவே இல்லை. ‘இப்போதே மேலே போங்க’ என்பதுதான் வாசகம். மண்சரிவுக்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளில் எச்சரிக்கிறது. நிறத்தை ஒலிபெருக்கியில் பார்க்க முடியாது. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும் என்பதே பொருள், ஆகவே ‘சிவப்பு எச்சரிக்கை’ என்று சொல்லி நிறுத்தாமல் அந்தப் பொருளைச் சொல்ல வேண்டும்.

தொலைபேசிக்கு வேறு கணக்கு. சாதாரணக் குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் வரை ஒரே செய்தியாகப் போகும். தமிழில் 70தான். அந்த எழுபதும் நாம் எண்ணும் எழுத்து அல்ல. ‘வெள்ளம்’ நமக்கு நான்கு எழுத்து. தொலைபேசிக்கு ஏழு, ஏனெனில் கொம்பையும் புள்ளிகளையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. எழுபதைத் தாண்டினால் செய்தி துண்டாகி, துண்டுக்கு 67 என்று குறைகிறது. நல்ல தொலைபேசி துண்டுகளைச் சேர்த்துக் காட்டும். சமிக்ஞை மோசமான நேரத்தில் இரண்டாம் துண்டு பிந்தி வரலாம், வராமலும் போகலாம்.

“தாழ்நிலப் பகுதிகளில் வசிக்கும் மக்கள் மிகுந்த அவதானத்துடன் இருக்குமாறு” என்பதை எண்ணிப் பாருங்கள். இடைவெளிகளோடு சரியாக 70. ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்ற வினை இன்னும் வரவில்லை. ஊர்ப் பெயர் இல்லை, நேரம் இல்லை. ஒரு முழுச் செய்தியின் இடம் தீர்ந்துவிட்டது.

அதே இடத்தில் இதைப் போடலாம்:

“வெள்ளம். வெல்லம்பிட்டிய: 13/12 மாலை 4க்குள் மேட்டுக்குப் போங்கள். 117”

இது 69. என்ன ஆபத்து, யாருக்கு, எப்போதைக்குள், என்ன செய்வது, யாரைக் கேட்பது எல்லாம் இருக்கிறது. ஒழுங்கைகளின் பெயர்களும் பாடசாலையின் பெயரும் இரண்டாவது செய்தியில் வரட்டும். அதுவும் ஊர்ப் பெயரோடும் திகதியோடும் தொடங்கட்டும். இரண்டாவது வந்து சேராவிட்டாலும் முதல் செய்தியைக் கொண்டு ஒருவர் புறப்பட முடியும் என்பதுதான் சோதனை. பழைய பட்டன் தொலைபேசிகள் சிலவற்றில் தமிழ் எழுத்து பெட்டி பெட்டியாகத் தெரியும். அந்த வீடுகள் எவை என்று முன்பே தெரிந்தால், அவற்றுக்குக் குறுஞ்செய்தியை விட்டுவிட்டு அழைப்பு எடுக்க வேண்டும்.

வட்ஸ்அப்பில் எழுத்துக் கணக்கு இல்லை. அங்கே நோய் வேறு: கடிதத்தலைப்போடு கூடிய அறிவித்தலைப் படம் பிடித்து அனுப்புவது. டேட்டா மெதுவாகும் நேரத்தில் படம் திறக்காது. பார்வைக் குறைபாடு உள்ளவரின் தொலைபேசி படத்தை வாசித்துச் சொல்லாது. சிங்களப் படத்தின் கீழே “எல்லோரும் கவனம், துஆச் செய்யுங்கள்” என்று மட்டும் தமிழில் எழுதி அனுப்புவதும் உண்டு. துஆவும் வேண்டும், அதற்கு முன் மணியும் இடமும் எழுத்தாக வேண்டும். படத்தை அனுப்புவதென்றால் ஆதாரத்துக்காகக் கீழே அனுப்பலாம். குரல் பதிவு நல்ல வழி, வாசிக்காதவருக்கும் போகும். அதிலும் முதல் வரியில் திகதியும் ஊரும் இருக்க வேண்டும்.

மின்சாரம் எப்போது துண்டிக்கப்படும் என்று தெரியாது, ஆனால் வெள்ளத்துக்கு முன் துண்டிக்கப்படும் என்று வைத்தே திட்டமிட வேண்டும். பள்ளியின் ஒலிபெருக்கி பெட்டரியிலோ ஜெனரேட்டரிலோ ஓடுமா என்று காய்ந்த நாளில் பார்த்து வைக்க வேண்டும். இல்லையென்றால் முச்சக்கர வண்டியும் கைஒலிபெருக்கியும். அதற்கும் அதே தாள், அதே சொற்கள்.

வாசகம் சரியா என்று எப்படி அறிவது? மொழி தெரிந்தவரிடம் காட்டினால் சந்தியைத் திருத்தித் தருவார். அது போதாது. அறிவித்தல் எழுதியதில் சம்பந்தப்படாத ஒருவரை, முடிந்தால் வயதான ஒருவரை, அடுத்த அறையில் இருத்தி, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, ஒரே ஒரு தடவை வாசித்துக் காட்ட வேண்டும். பிறகு “விளங்கியதா?” என்று கேட்கக் கூடாது, எல்லோரும் ஓம் என்றுதான் சொல்வார்கள். “இப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? எப்போது? எங்கே போவீர்கள்?” என்று கேட்க வேண்டும். மூன்றுக்கும் விடை வந்தால் வாசகம் சரி. எது வரவில்லையோ அந்த வரியை மாற்ற வேண்டும். பத்து நிமிட வேலை.

கடைசியாக ஓர் அறிவித்தல் பெரும்பாலும் எழுதப்படுவதே இல்லை: திரும்பி வருவதற்கானது. தண்ணீர் வடியத் தொடங்கியதும் வீட்டைப் பார்க்க ஓடுவது மனித இயல்பு. ஈரச் சுவரில் மின்சாரம் இருக்கும், கிணறு கலங்கியிருக்கும், மேலிருந்து இன்னொரு அலையும் வரலாம். “திரும்பலாம்” என்று சொல்ல வேண்டியவர் கிராம உத்தியோகத்தர். அதை ஊருக்குச் சொல்ல வேண்டியது நாம். அதுவரை சொன்ன நேரத்தில், புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும், ஓர் அறிவித்தல் போக வேண்டும்: “இன்னும் திரும்பாதீங்க. அடுத்த அறிவித்தல் இஷாவுக்குப் பிறகு.” இந்த வரியையும் இப்போதே எழுதி, மற்றத் தாளோடு சேர்த்து, ஒலிவாங்கி இருக்கும் அலுமாரியில் வைத்துவிடலாம். இடமும் நாளும் மணியும் மட்டும் வெற்றிடமாக இருக்கட்டும்.